இரண்டு கதிர்களை வைத்து ஆள் எண்ணுவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஆள் எண்ண ஒரு கதிர் போதாதா? எதற்கு இரண்டு?

வாசலின் ஒரு பக்கச் சட்டத்தில் அகச்சிவப்பு எல்இடி, எதிர்ப் பக்கச் சட்டத்தில் ரிசீவர்: இரண்டுக்கும் நடுவே குறுக்காகப் போகும் வெளிச்சம்தான் கதிர். ஒரே ஒரு கதிர் இருந்தால், அது மறையும்போது வாசலில் ஏதோ இருக்கிறது என்று தெரியும். அது உள்ளே போகிறதா, வெளியே வருகிறதா என்று தெரியாது. மறைவுகளின் எண்ணிக்கையை இரண்டால் வகுத்து, வந்தவர் பாதி, போனவர் பாதி என்று வைத்துக்கொள்வார்கள். ஒரு நாளில் மொத்தம் எத்தனை பேர் வந்தார்கள் என்பதற்கு அந்தக் கணக்கு போதும். இந்த நிமிடம் அறைக்குள் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்பதற்கு அது உதவாது.

கதவுச்சட்டத்தில் ஒன்றுக்குப் பக்கத்தில் ஒன்றாக இரண்டு கதிர்களை வைத்தால், எது முதலில் மறைகிறது, எது கடைசியில் திறக்கிறது என்ற வரிசை கிடைக்கும். திசை அந்த வரிசையில்தான் இருக்கிறது. இந்தப் பக்கம் முழுவதும் அறைக்கு வெளிப்புறமாக இருப்பதை வெளிக்கதிர் என்றும், அறைப் பக்கம் இருப்பதை உள்கதிர் என்றும் சொல்கிறேன். குறியீட்டில் அவை A, B.

எது முதலில் மறைகிறதோ அதை வைத்தே திசையைச் சொல்லிவிடலாமே?

பலரும் முதலில் எழுதுவது அதைத்தான். வெளிக்கதிர் மறைந்ததா, அடுத்து உள்கதிர் மறையும் வரை காத்திரு, மறைந்ததும் ஒன்று கூட்டு, ஒரு நொடி `delay` போட்டுவிட்டு மறுபடி முதலிலிருந்து பார். மேசையில் கையை ஆட்டிப் பார்த்தால் அழகாக வேலை செய்யும். வாசலில் மாட்டினால்தான் கதை தெரியும்.

நானும் அப்படித்தான் ஒரு படிப்பறை வாசலில் மாட்டினேன். இரவு அறையைப் பூட்டும்போது உள்ளே 11 பேர் இருப்பதாகத் திரையில் நின்றது. ஒரு மணி நேரம் வாசலருகே உட்கார்ந்து பார்த்த பிறகுதான் காரணம் புரிந்தது. பலர் கதவில் நின்று எட்டிப் பார்த்து, இடம் இல்லை என்று தெரிந்ததும் அப்படியே திரும்பிவிடுகிறார்கள். உடல் இரண்டு கதிரையும் மறைத்துவிட்டது, ஆனால் ஆள் உள்ளே வரவில்லை. என் குறியீடு மறைவதை மட்டும் பார்த்தது, திறப்பதைப் பார்க்கவே இல்லை.

அந்த ஒரு நொடி `delay` இன்னொரு தலைவலி. அது ஓடும் நேரத்தில் அடுத்தவர் பாதி வாசலைத் தாண்டியிருப்பார். விழித்ததும் குறியீட்டுக்குத் தெரிவது நிகழ்வின் பின்பாதி மட்டும். அதிலிருந்து திசையைத் தலைகீழாகக் கணித்துவிடும்.

அப்படியானால் சரியான தர்க்கம் எது?

இரண்டு கதிருக்கும் சேர்த்து நான்கு நிலைகள்தான் உண்டு. முதல் இலக்கம் வெளிக்கதிர், இரண்டாவது உள்கதிர், மறைந்தால் 1 என்று எழுதுவோம். ஒருவர் முழுதாக உள்ளே வந்தால் நிலைகள் இப்படிப் போகும்: 00, 10, 11, 01, மறுபடி 00. வெளியே போனால் அதே பாதை எதிர்த்திசையில்: 00, 01, 11, 10, 00.

இதை நான்கு புள்ளிகள் உள்ள ஒரு வட்டமாக நினைத்துக்கொள்ளுங்கள். உள்ளே வரும் திசையில் ஒரு புள்ளி நகர்ந்தால் +1, எதிர்த்திசையில் நகர்ந்தால் −1. நிலை 00-க்குத் திரும்பும்போது கூட்டுத்தொகையைப் பாருங்கள். +4 என்றால் ஒருவர் உள்ளே வந்தார், −4 என்றால் ஒருவர் வெளியே போனார். 0 என்றால் யாரோ எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பிவிட்டார், எண்ண வேண்டியதில்லை.

எட்டிப் பார்ப்பவரை இதில் போட்டுப் பாருங்கள்: 10 (+1), 11 (+2), 10 (+1), 00 (0). கணக்கில் வரவில்லை. உள்ளே வரும்போது நடுவில் தயங்கி அரை அடி பின்வாங்கி மறுபடி வந்தவருக்கு +1, +2, +3, +2, +3, +4. ஒருவராகத்தான் வருகிறார். வாசலிலேயே நின்று ஐந்து நிமிடம் பேசுபவரும் இதற்குத் தொந்தரவு இல்லை, ஏனென்றால் இந்தத் தர்க்கத்தில் நேரக்கெடு எதுவும் கிடையாது. திருகு குமிழ்களில் இருக்கும் சுழற்சி என்கோடரைப் படிப்பதும் இதே வழியில்தான். அதைப் படிக்கத் தெரிந்தவருக்கு இது புதிதல்ல.

இதைக் குறியீடாக எழுதினால் எப்படி இருக்கும்?

ஆர்டுயினோவில் இவ்வளவுதான். பழைய நிலையும் புது நிலையும் சேர்ந்து 16 சேர்க்கைகள். ஒவ்வொன்றுக்கும் எவ்வளவு கூட்ட வேண்டும் என்று அட்டவணையில் இருக்கிறது. 9 என்பது நடக்கக்கூடாத தாவல், உதாரணமாக 00-லிருந்து நேராக 11.

```cpp
const int8_t STEP[16] = {
   0, -1,  1,  9,
   1,  0,  9, -1,
  -1,  9,  0,  1,
   9,  1, -1,  0
};
uint8_t old = 0;
int8_t sum = 0;
bool bad = false;
long inCount = 0, outCount = 0, badCount = 0;

void step(uint8_t now) {
  if (now == old) return;
  int8_t s = STEP[old * 4 + now];
  if (s == 9) bad = true; else sum += s;
  old = now;
  if (now == 0) {
    if (bad) badCount++;
    else if (sum == 4) inCount++;
    else if (sum == -4) outCount++;
    sum = 0; bad = false;
  }
}
```

`step` என்ற சார்புக்குள் போகும் எண் `(a << 1) | b`, அதாவது வெளிக்கதிர் இடது பிட், உள்கதிர் வலது பிட். உள்ளே வருவோர் எல்லாம் வெளியே போவோராக எண்ணப்பட்டால் இரண்டு வயர்களும் இடம் மாறியிருக்கின்றன. அதைத் தேடிப் பிரிக்க வேண்டாம், குறியீட்டில் `a`, `b` இரண்டையும் மாற்றினால் போதும்.

தவறான தாவலை ஊகித்துச் சரிசெய்யப் பார்க்காமல் தனியாக `badCount`-இல் எண்ணி வைத்திருக்கிறேன். இது ஏன் முக்கியம் என்பது கடைசிக் கேள்வியில் வரும்.

இரண்டு கதிருக்கும் நடுவே எவ்வளவு இடைவெளி விட வேண்டும்?

இந்தக் கருவியில் யோசித்து முடிவு செய்ய வேண்டிய ஒரே அளவு இதுதான் என்பேன். பத்தில் எட்டு எண்ணிக்கைப் பிழைகளுக்கு வேர் இங்கேதான் இருக்கும் என்பது என் அனுபவம்.

மேல்வரம்பு எளிது. 11 என்ற நிலை வர வேண்டுமானால் ஒரே உடல் இரண்டு கதிரையும் ஒரே நேரத்தில் மறைக்க வேண்டும். மனித உடலின் முன்பின் தடிப்பு ஏறக்குறைய 20 முதல் 30 செ.மீ. இடைவெளி 30 செ.மீ. வைத்தால் ஒல்லியான ஒருவர் ஒரு கதிரை விட்டு முழுதாக நீங்கிய பிறகுதான் அடுத்ததைத் தொடுவார். நிலைகள் 10, 00, 01, 00 என்று போகும். கூட்டுத்தொகை இரண்டு முறையும் 0. ஆள் வந்த சுவடே இருக்காது.

கீழ்வரம்புதான் நுட்பமானது. மேலே சொன்னதையே திருப்பிப் பாருங்கள்: இடைவெளியைவிட மெல்லியதாக இருக்கும் எந்தப் பொருளும் எண்ணப்படாது. இடைவெளி 8 செ.மீ. என்றால் 6 செ.மீ. தடிப்புள்ள ஒரு கை தனியாகக் கடந்து போனாலும் கணக்கில் சேராது. தொங்கும் பை வாரும் அப்படித்தான். வேறு எந்த வடிகட்டியும் எழுதாமலே இது கிடைக்கிறது. 2 செ.மீ. இடைவெளியில் வைத்தால் கை, பை எல்லாம் ஆளாகிவிடும்.

இன்னொரு பக்கம், இடைவெளி கூடக் கூட நெருங்கி வரும் இருவரைப் பிரிப்பது கடினமாகும். முதல்வரின் முதுகுக்கும் இரண்டாமவரின் வயிற்றுக்கும் நடுவே உள்ள வெளி, கதிர்களின் இடைவெளியைவிடக் குறைவாக இருந்தால் 00 என்ற நிலை நடுவில் வராது. இருவரும் ஒரே நிகழ்வாக ஒட்டிவிடுவார்கள்.

ஆகவே இது கையையும் பையையும் ஒதுக்குவதற்கும், நெருங்கி வருபவர்களைப் பிரிப்பதற்கும் நடுவே ஒரு பேரம். நான் 8 செ.மீ. வைக்கிறேன். நொடிக்கு 1 மீட்டர் வேகத்தில் நடப்பவர் ஒரு கதிரிலிருந்து அடுத்ததைத் தொட 80 மில்லிநொடி ஆகும். நொடிக்கு 3 மீட்டரில் ஓடுபவருக்கு 27 மில்லிநொடி. லூப்பில் வேறு `delay` எதுவும் இல்லாவிட்டால் எந்தச் சின்ன மைக்ரோகண்ட்ரோலரும் இதைத் தவறவிடாது.

நிதானமாக நடந்து வந்தவர்கள்கூடச் சில நேரம் எண்ணப்படவில்லை. ஏன்?

கை. கையை முன்னால் வீசி நடப்பவர்கள்.

எண்களை வைத்துப் பார்த்தால் விளங்கும். கதிர்களின் இடைவெளி 8 செ.மீ., வேகம் நொடிக்கு 1 மீட்டர். உடலுக்கு முன்னால் 6 செ.மீ. தடிப்பில் முன்கை, அதன் பின் 4 செ.மீ. வெளி, அதன் பின் 25 செ.மீ. உடல். வெளிக்கதிர் 0 முதல் 60 மில்லிநொடி வரை கையால் மறைகிறது, 60 முதல் 100 வரை திறந்திருக்கிறது, 100 முதல் 350 வரை உடலால் மறைகிறது. உள்கதிரும் இதையே 80 மில்லிநொடி தாமதமாகப் பார்க்கிறது.

இப்போது நிலைகளை வரிசையாக எழுதுங்கள். 0-இல் 10, கூட்டு +1. 60-இல் 00, கூட்டு 0, நிகழ்வு முடிந்துவிட்டது. 80-இல் கை உள்கதிரைத் தொடுகிறது: 01, கூட்டு −1. 100-இல் உடல் வெளிக்கதிரை மறைக்கிறது: 11, −2. 140-இல் கை உள்கதிரை விட்டு நீங்குகிறது: 10, −3. 180-இல் உடல் உள்கதிரை அடைகிறது: 11, −2. 350-இல் 01, −1. 430-இல் 00, கூட்டு 0. ஒரு முழு ஆள் உள்ளே போய்விட்டார், கணக்கில் ஒன்றுமே இல்லை. தர்க்கத்தில் பிழை இல்லை. கையும் உடலும் சேர்ந்து அதற்குக் குழப்பமான கதையைச் சொல்லிவிட்டன.

மருந்து எளிது. கதிர் மறைந்ததை உடனே நம்புங்கள், திறந்ததை மட்டும் கொஞ்சம் பொறுத்து நம்புங்கள். தொடர்ந்து 80 மில்லிநொடி திறந்திருந்தால்தான் திறந்ததாகக் கணக்கு.

```cpp
const uint32_t HOLD = 80;
uint32_t lastA = 0, lastB = 0;

bool held(bool raw, uint32_t &last) {
  if (raw) last = millis();
  return millis() - last < HOLD;
}

void loop() {
  bool a = held(digitalRead(PIN_A) == HIGH, lastA);
  bool b = held(digitalRead(PIN_B) == HIGH, lastB);
  step((a << 1) | b);
}
```

அதே ஆளை மறுபடி நடக்கவிடுங்கள். கைக்கும் உடலுக்கும் நடுவிலிருந்த 40 மில்லிநொடித் திறப்பு இரண்டு கதிரிலும் மூடிப்போகிறது. வெளிக்கதிர் 0 முதல் 430 வரை ஒரே மறைவு, உள்கதிர் 80 முதல் 510 வரை ஒரே மறைவு. 10, 11, 01, 00, கூட்டு +4.

இதற்கு விலை உண்டு. 80 மில்லிநொடி என்பது அந்த வேகத்தில் 8 செ.மீ. நடை. ஆகவே பின்னால் வருபவர் தனி ஆளாகத் தெரிய 8-க்குப் பதில் 16 செ.மீ. வெளி தேவைப்படும். தள்ளுமுள்ளு இல்லாத வாசலில் யாரும் அவ்வளவு ஒட்டி நடப்பதில்லை என்பதால் நான் இந்த விலையைக் கொடுத்துவிடுகிறேன். முன்னே சொன்ன 6 செ.மீ. கையும் இப்போது அந்த வேகத்தில் 14 செ.மீ. பொருளாகத் தெரியும், ஆகவே தனியாகக் கடந்தாலும் ஆளாக எண்ணப்படும். இன்னொரு சின்ன விஷயம்: `setup`-இன் முடிவில் ஒரு `delay(100)` போடுங்கள். இல்லாவிட்டால் கருவி விழித்த உடனே `lastA`, `lastB` இரண்டும் 0 என்பதால் இரண்டு கதிரும் மறைந்தது போலத் தோன்றி, `badCount` 1-இல் தொடங்கும்.

ஒருவர் முதுகோடு ஒருவர் ஒட்டி வந்தால் இருவர் என்று கண்டுபிடிக்க வழி இல்லையா?

வரிசையை மட்டும் வைத்து, இல்லை. `HOLD` இல்லாத நிலையில் 5 செ.மீ. வெளியோடு இருவர் உள்ளே வருவதாக வைத்துக்கொள்வோம். நிலைகள் 10, 11, 01, 11, 10, 11, 01, 00. இப்போது தனியாக வந்த ஒருவர், கிட்டத்தட்ட உள்ளே போய்விட்டு, ஏதோ நினைத்துப் பின்வாங்கி, மறுபடி உள்ளே போகிறார். அவருக்கான வரிசை: 10, 11, 01, 11, 10, 11, 01, 00. எழுத்துப் பிசகாமல் அதேதான். எவ்வளவு கெட்டிக்காரத்தனமான அட்டவணை எழுதினாலும் இரண்டு ஒரேமாதிரி வரிசைகளை அது பிரிக்க முடியாது.

நேரத்தைப் பார்த்தால் கொஞ்சம் பிடிபடும். முதல் 01-க்கும் 10-க்கும் நடுவே வரும் 11, இருவர் விஷயத்தில் 30 மில்லிநொடி மட்டுமே இருக்கும், ஏனென்றால் 8-இல் 5 போக மிச்சம் 3 செ.மீ. எந்த மனிதரும் 30 மில்லிநொடியில் பின்வாங்க முடியாது. ஆனால் கையை முன்வீசி வருபவரும் இதே போன்ற குறுகிய 11-ஐக் கொடுப்பார். இதை நான் எழுதிப் பார்த்துவிட்டு நீக்கிவிட்டேன். ஒட்டி வருபவர்களைப் பிடித்ததைவிடக் கை வீசுபவர்களை இருவராக்கியதே அதிகம்.

ஒரு கதிரைக் கையால் நன்றாக மூடினாலும் மறைந்ததாகக் காட்டவே இல்லை. சென்சார் கெட்டுவிட்டதா?

பெரும்பாலும் கெட்டிருக்காது. பக்கத்துக் கதிரின் வெளிச்சம் அந்த ரிசீவரில் விழுகிறது. அகச்சிவப்பு எல்இடி நூல் போன்ற கதிரை விடுவதில்லை, கூம்பாக விரிக்கிறது. மையத்திலிருந்து 17° பக்கவாட்டில் பாதி வலிமை உள்ள சாதாரண எல்இடியை எடுத்துக்கொண்டால், 1 மீட்டர் தள்ளி அந்தக் கூம்பின் ஆரம் 30 செ.மீ. இரண்டு ரிசீவர்களும் 8 செ.மீ. தள்ளித்தான் இருக்கின்றன. ஒவ்வொரு எல்இடியும் இரண்டு ரிசீவருக்கும் வெளிச்சம் தருகிறது.

உறுதி செய்ய, ஒரு எல்இடியின் இணைப்பை மட்டும் கழற்றுங்கள். அதன் ரிசீவர் இன்னும் வெளிச்சம் தெரிகிறது என்று சொன்னால் இதுதான் நோய். வாசலில் இதன் அறிகுறி வேறு விதமாக இருக்கும்: 10, 01 நிலைகள் குறைந்து, 00-லிருந்து 11-க்கு நேராகத் தாவும்.

பலரும் சொல்லும் தீர்வு, ஒரு கதிரின் எல்இடியை இடது சட்டத்திலும் மற்றதன் எல்இடியை வலது சட்டத்திலும் வைப்பது. பாதிக் குறை தீரும். ஆனால் இப்போது ஒரு எல்இடிக்குப் பக்கத்திலேயே மற்றக் கதிரின் ரிசீவர் உட்கார்ந்திருக்கிறது. வெளிர்நிறச் சட்டை போட்டவர் அந்தச் சட்டத்தை ஒட்டி நடந்தால், அந்த எல்இடியின் வெளிச்சம் சட்டையில் பட்டுத் திரும்பிப் பக்கத்து ரிசீவரில் விழும். வெள்ளைச் சட்டைக்காரர்கள் மட்டும் எண்ணப்படாமல் போவது இப்படித்தான். ரிசீவருக்கு முன்னால் சில செ.மீ. நீளக் கறுப்புக் குழாய் மாட்டினால் நன்றாகக் குறையும், ஒரேயடியாகப் போகாது.

உறுதியான வழி, இரண்டையும் மாற்றி மாற்றி எரிப்பது. வெளிக்கதிரின் எல்இடியை 1 மில்லிநொடி எரித்து அதன் ரிசீவரைப் படிக்க வேண்டும், 1 மில்லிநொடி இருட்டு. அப்புறம் உள்கதிரின் எல்இடி 1 மில்லிநொடி, அதன் ரிசீவரைப் படிக்க வேண்டும், 1 மில்லிநொடி இருட்டு. மொத்தச் சுற்று 4 மில்லிநொடி. ஓடுபவருக்குக்கூட ஒரு கதிரிலிருந்து அடுத்ததற்குள் ஆறு முறை படித்துவிடலாம். எந்த எல்இடி எப்போது எரிகிறது என்று தெரிவதால் யாருடைய வெளிச்சம் என்ற கேள்விக்கே இடமில்லை.

டிவி ரிமோட்டுக்கான ரிசீவரையே போட்டுக்கொள்ளலாமா?

38 கிலோஹெர்ட்ஸில் துடிக்கும் வெளிச்சத்தை மட்டும் பார்ப்பதால் அறை விளக்கும் பகல் வெளிச்சமும் அதைப் பெரும்பாலும் பாதிக்காது. அதனால் எல்லோருக்கும் அதுதான் நினைவுக்கு வரும். ஆனால் `TSOP38238` போன்றவை ரிமோட்டின் குறுகிய துடிப்புத் தொகுதிகளுக்காகச் செய்யப்பட்டவை. 38 கிலோஹெர்ட்ஸ் ஓயாமல் வந்துகொண்டிருந்தால் அதை இரைச்சல் என்று நினைத்துத் தன் உணர்திறனைத் தானே குறைத்துக்கொள்ளும். கருவியைத் தொடங்கியதும் சரியாக இருந்து, சற்று நேரத்தில் யாரும் இல்லாமலே கதிர் மறைந்ததாகக் காட்டினால் காரணம் இதுதான். கதிர்த் தடுப்புக்கென்றே `TSSP4038` என்ற வகை இருக்கிறது, அதில் இந்தத் தொல்லை இல்லை. வெளிச்சம் தெரிந்தால் இரண்டின் வெளியீடும் LOW, மறைந்தால் HIGH. குறியீட்டில் `HIGH` என்று ஒப்பிடுவது அதனால்தான்.

எந்த வகையாக இருந்தாலும் நேரடி வெயில் ரிசீவரின் முகத்தில் விழக்கூடாது. வெயில் எந்தப் பக்கமிருந்து வருகிறதோ, ரிசீவர் அதற்கு முதுகைக் காட்டி இருக்கட்டும்.

எந்த உயரத்தில் மாட்டுவது?

தரையிலிருந்து சுமார் ஒரு மீட்டர் உயரத்தில், வயிற்றுக்கும் இடுப்புக்கும் இடையில். முழங்கால் உயரத்தில் வைத்தால் இரண்டு கால்களும் தனித்தனிப் பொருள்களாகிவிடும், நடுவில் உள்ள வெளி அடிவைப்பைப் பொறுத்து மாறிக்கொண்டே இருக்கும். மார்பு உயரத்தில் வைத்தால் கை ஆட்டம் குறையும், சிறு பிள்ளைகள் அடியில் போய்விடுவார்கள்.

உயரத்தைவிடப் பலர் மறப்பது கதவுப் பலகையை. அது உள்பக்கம் திறக்குமானால் கதிர்களை வெளிப்பக்கத்தில் மாட்டுங்கள். இல்லாவிட்டால் ஒவ்வொரு முறை திறக்கும்போதும் பலகையே இரண்டு கதிரையும் மறைத்து ஆளாகிவிடும்.

இருவர் தோளோடு தோள் சேர்ந்து வந்தால்? எதிரெதிராக வந்தால்?

சேர்ந்து வந்தால் ஒருவர்தான். பக்கவாட்டில் போகும் கதிருக்கு முன்னால் நிற்பவர் பின்னால் இருப்பவரை மறைத்துவிடுகிறார், எந்த நிரலும் இதைத் தீர்க்காது. வாசலை ஒருவர் மட்டும் நுழையும் அகலத்துக்குக் குறுக்கினால் உண்டு. இரட்டைக் கதவு உள்ள அகன்ற வாசலுக்கு இந்த முறையை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

எதிரெதிராக வந்தால் இன்னும் விசித்திரம். வெளியிலிருந்து வருபவர் வெளிக்கதிரையும் உள்ளிருந்து வருபவர் உள்கதிரையும் மறைக்கிறார்கள்: 10, 11, கூட்டு +2. இருவரும் உரசிக்கொண்டு கடந்து முடிக்கும்போது எந்தக் கதிர் கடைசியில் திறக்கிறது என்பது அவர்களில் யார் முந்துகிறார் என்பதைப் பொறுத்தது. உள்கதிர் கடைசியில் திறந்தால் +4, ஒருவர் உள்ளே வந்ததாகக் கணக்கு. வெளிக்கதிர் கடைசியில் திறந்தால் 0, தற்செயலாகச் சரியான விடை.

மாலையில் அறை காலி, ஆனால் எண் 3-இல் நிற்கிறது. எங்கே தவறு?

எங்கோ மூன்று பேர் வெளியே போனது தவறவிடப்பட்டிருக்கும், அல்லது உள்ளே வந்தது மிகையாக எண்ணப்பட்டிருக்கும். வாசலில் நடக்கும் ஒரு சின்னப் பிழை அந்த நிகழ்வோடு முடிவதில்லை. உள்ளே இருப்போர் எண்ணிக்கை என்பது வந்தவர்களிலிருந்து போனவர்களைக் கழித்த மிச்சம், ஆகவே காலையில் நடந்த பிழை மாலை வரை அந்த எண்ணில் உட்கார்ந்திருக்கும்.

பெரும்பாலான குறியீடுகளில் எண்ணிக்கை 0-க்குக் கீழே போகாமல் தடுத்திருப்பார்கள். அது தப்பில்லை, ஆனால் அதன் விளைவைப் புரிந்துகொள்ள வேண்டும். ஒருவர் உள்ளே வந்தது தவறவிடப்பட்டால், எல்லோரும் போய் அறை காலியாகும்போது எண் −1 ஆகப் பார்க்கும், தடை அதை 0-இல் நிறுத்தும், பிழை தானாகச் சரியாகிவிடும். ஒருவர் வெளியே போனது தவறவிடப்பட்டால் அறை காலியான பின்னும் எண் 1-இல் நிற்கும். 1 என்பது நடக்கக்கூடிய எண், எந்தத் தடையும் அதைத் தட்டிக்கேட்காது. ஆகவே ஒரு பக்கப் பிழைகள் மட்டும் கழுவப்பட, மறுபக்கப் பிழைகள் சேர்ந்துகொண்டே போகும். எண்ணிக்கையை வைத்து விளக்கை அணைப்பவர்களின் அறையில் விளக்கு காரணமில்லாமல் எரிந்துகொண்டே இருப்பதற்கும், காரணமில்லாமல் அணைவது அரிதாக இருப்பதற்கும் இதுதான் விளக்கம்.

நான் செய்வது இரண்டு. `inCount`, `outCount` இரண்டையும் தடையில்லாமல் தனித்தனியாக ஓடவிட்டு, உள்ளே இருப்போர் எண்ணிக்கைக்கு மட்டும் வேறொரு மாறி வைத்துக்கொள்கிறேன். அறை நிச்சயமாகக் காலியாக இருக்கும் ஒரு நேரத்தில் அந்த மாறியை 0 ஆக்குகிறேன். அப்படி ஒரு நேரம் கிடைக்காத அறை என்றால் உள்ளே ஒரு அசைவு சென்சார் வைத்து, அரை மணி நேரம் எந்த அசைவும் இல்லாமல் எண் மட்டும் 0-க்கு மேல் நின்றால் 0 ஆக்கலாம். அசையாமல் தூங்குபவர் இருக்கக்கூடிய அறைக்கு இது ஆகாது.

மின்சாரம் போய் வந்தால் எண் அழிந்துவிடாதா?

அழியும். EEPROM-இல் எழுதி வைக்கலாம், ஆனால் `ATmega328P`-இல் ஒரு இடத்தில் எழுதும் தடவைக்கு 1,00,000 என்ற வரம்பு உண்டு. ஒவ்வொரு ஆளுக்கும் எழுதினால், நாளுக்கு 1,000 பேர் கடக்கும் வாசலில் 100 நாளில் அந்த வரம்பைத் தொட்டுவிடுவீர்கள். பத்து நிமிடத்துக்கு ஒரு முறை எழுதினால் போதும். அதிலும் மொத்த எண்ணிக்கையை மட்டும் நான் சேமிக்கிறேன். உள்ளே இருப்போர் எண்ணிக்கையைச் சேமித்து என்ன பயன்? மின்சாரம் இல்லாத நேரத்தில் எத்தனை பேர் போய் வந்தார்கள் என்று அந்தக் கருவிக்குத் தெரியப்போவதில்லை.

சரியாக எண்ணுகிறதா என்று எப்படிச் சோதிப்பது?

முதலில் நிலை மாறும் ஒவ்வொரு முறையும் நேரத்தையும் நிலையையும் சீரியல் மானிட்டரில் அச்சிடச் சொல்லுங்கள். ஒருவர் நிதானமாக உள்ளே வந்தால் இப்படி வர வேண்டும்:

```
0    10
80   11
330  01
410  00  IN
```

10 வந்த பிறகு 11 வர எத்தனை மில்லிநொடி என்று பாருங்கள், வேகத்துக்கும் இடைவெளிக்கும் பொருந்த வேண்டும். 8 செ.மீ. வைத்துவிட்டு 80-க்குப் பதில் 15 என்று வந்தால், கதிர்கள் நீங்கள் நினைத்த இடத்தில் இல்லை. சட்டங்களில் ஒன்று சாய்ந்திருக்கும், அல்லது கூம்புகள் கலக்கின்றன.

அப்புறம் குறும்பான நடைகள்: வெளிக்கதிர் வரை வந்து திரும்புங்கள், இரண்டையும் மறைத்துத் திரும்புங்கள், உள்கதிர் மட்டும் மறையும் வரை போய்த் திரும்புங்கள். மூன்றிலும் எண் மாறக்கூடாது. வாசலில் நின்று பேசிப் பாருங்கள், கையை நன்றாக வீசி நடங்கள், ஓடுங்கள். இவை எல்லாம் சரியான பிறகு ஒரு தாளில் கோடு போட்டுக்கொண்டு உண்மையான ஆட்களை எண்ணுங்கள், வந்தவர் 50, போனவர் 50 ஆகும் வரை. ஒப்பிடும்போது `inCount`-ஐத் தனியாகவும் `outCount`-ஐத் தனியாகவும் ஒப்பிடுங்கள். வந்தவர்களில் 5 பேரும் போனவர்களில் 5 பேரும் தவறவிடப்பட்டிருந்தால் மிச்சம் 0 என்று அழகாக நிற்கும்.

`badCount`-ஐயும் பாருங்கள். ஆட்கள் கடக்கும்போது மட்டும் அது ஏறினால், கதிர்கள் கலக்கின்றன அல்லது லூப்பில் எங்கோ தாமதம் இருக்கிறது. வாசலில் யாருமே இல்லாத நேரத்திலும் ஏறினால் தர்க்கத்தைத் தொட வேண்டாம், மின்வழங்கியைப் பாருங்கள். இரண்டு எல்இடிக்கும் ஒரே வயரில் மின்சாரம் போகிறது, அது ஒரு கணம் தொய்ந்தால் இரண்டு கதிரும் ஒன்றாக மறையும், ஒன்றாகத் திறக்கும்.